இருபது சதவீதத்துக்குப் பயந்தவர்

ஆடிட்டர் அலுவலகத்தில் நாற்பத்தொரு வருடம் குப்பை கொட்டியவன் நான். ஜூலை மாதக் கணக்குத் தாக்கலுக்கு இன்றும் கூப்பிடுகிறார்கள். போன ஜூலையில் மூன்று மாடிப்படி ஏறுவதற்குள் எனக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. மேலே அந்த மனிதர் மனைவியோடு காத்திருந்தார். ஐயம்பேட்டைக்காரர், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர்.

"சார், சம்பள உயர்வு வேணாம்னு ஒரு லெட்டர் எழுதித் தரணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கம்பெனிக்குப் பதில் சொல்லணும்."

என் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"ஏன்யா?"

"வரிக் கணக்குக்கு வர்ற வருமானம் இப்ப பதினஞ்சு லட்சத்துத் தொண்ணூறாயிரம். அறுபதாயிரம் ஏத்துறாங்க. பதினாறு லட்சம் தாண்டிட்டா இருபது பர்சென்ட் ஸ்லாப். மொத்தப் பணத்துக்கும் இருபதுன்னா மூணு லட்சத்துக்கு மேல போயிடும். கைல வர்றது குறைஞ்சிடும் சார்."

"யார் சொன்னது?"

"கம்பெனி பஸ்ல எல்லாரும் பேசிக்கினு வர்றாங்க, என் ஃபிரண்டே சொன்னாரு. கரண்ட் பில் பாருங்க, ஐநூறு யூனிட் தாண்டினா முன்னாடி ஓடின யூனிட்டுக்கும் ரேட்டு ஏறுதா இல்லையா?"

மின் கட்டணத்தில் அது நடக்கிறதுதான். அதற்காக வருமான வரியும் மீட்டர் பெட்டியில் ஓடுகிறது என்று முடிவுகட்ட ஐம்பது பேர் ஒரு பஸ்ஸில் ஏறவேண்டியிருந்தது!

தாளை இழுத்துப் போட்டேன். "பதினாறு லட்சம் வரை பழைய வரிதான். அதை எவனும் தொடமாட்டான். அறுபதாயிரத்தில் முதல் பத்தாயிரம் பதினாறுக்குள் அடங்கும். பதினைந்து சதவீதம், ஆயிரத்து ஐநூறு. மிச்சம் ஐம்பதாயிரத்துக்கு மட்டும் இருபது, பத்தாயிரம். அந்த வரி மேல் நாலு சதவீதம் செஸ், நானூற்று அறுபது. ஆக பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது போகும். நாற்பத்தெட்டாயிரத்து நாற்பது கையில் நிற்கும். வேண்டாமா?"

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றுமில்லை.

அந்தம்மா கேட்டார்: "பஸ்ல சொன்னாரே உங்க ஃபிரண்டு, அவருக்கும் ஏத்தினாங்கல்ல? வேணாம்னாரா?"

"அவரு... வாங்கிக்கினாரு."

"நல்லா இருக்குதுப்பா உங்க நியாயம்! போனைக் குடுங்க."

போனைப் பிடுங்கி, சம்மதம் என்று அந்தம்மாவே தட்டி அனுப்பினார். மணி நாலு நாற்பத்திரண்டு.

"அப்போ மொத்தத்துல நான் எவ்ளோ பர்சென்ட் கட்றேன் சார்?"

"பதினாறரை லட்சத்துக்கு, செஸ் சேர்த்து, ஒரு லட்சத்து முப்பத்தையாயிரத்து இருநூறு. நூற்றுக்கு எட்டு ரூபாய் இருபது காசுகூட இல்லை."

அவர் முகம் தொங்கிப்போனது. பிறகு மெதுவாக, "ஆனா, இருபது பர்சென்ட் ஸ்லாப்ல இருக்கேன்னு வெளியில சொல்லிக்கலாம்ல?"

"தாராளமாக. பஸ்ஸில் சொல்லுங்கள். நம்புவதற்கு ஐம்பது பேர் இருக்கிறார்கள்."