மூன்றில் இரண்டு பங்கு பால் தாங்கி

வவுனியாவில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்காளராக இருந்த காலத்தில் நான் செய்த பிழை இது. வேறு யார் தலையிலும் கட்டிவிட முடியாது.

அந்த வருடம் வெளிநாட்டு உதவியாக அறுபது லட்சம் ரூபாய் கிடைத்தது. கேட்டு வந்த திட்டங்கள் மூன்று. அரிசி ஆலைக்கு நாற்பது லட்சம் வேண்டும். கனகராயன்குளத்துப் பெண்களின் பால் குளிரூட்டும் நிலையத்துக்கு முப்பது; பாலை ஊற்றிக் குளிரவைக்கும் பெரிய தாங்கிதான் அதில் முக்கியம். வட்டக்கச்சியில் நெல் களஞ்சியத்துக்கும் முப்பது. எல்லாமாக நூறு லட்சம். வருட முடிவில் செலவழியாத பணம் உதவி தந்தவர்களிடமே திரும்பிப் போய்விடும் என்பது நிபந்தனை.

நான் படித்தவள் அல்லவா, இலாபத்தன்மைச் சுட்டெண்ணை எடுத்தேன். இனி வரப்போகும் வருமானத்தை இன்றைய பெறுமதிக்குக் கொண்டுவந்து முதலீட்டால் பிரிப்பதுதான் அது. ஆலையின் வருமானத்துக்கு இன்றைய பெறுமதி ஐம்பத்திரண்டு லட்சம், சுட்டெண் 1.30. பால் நிலையத்துக்கு முப்பத்தேழரை லட்சம், 1.25. களஞ்சியத்துக்கு முப்பத்தாறு லட்சம், 1.20. மூன்றும் ஒன்றுக்கு மேல், ஆகவே மூன்றுமே நல்ல திட்டங்கள். பணம் போதாதபோது ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகம் தருவதை முதலில் எடு என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். ஆலையை முழுதாக எடுத்தேன். மிச்சம் இருபது லட்சம். அதைப் பால் நிலையத்தின் மூன்றில் இரண்டு பங்கு என்று எழுதினேன். செலவு போக மிஞ்சும் தேறிய பெறுமதி ஆலையில் பன்னிரண்டு, பால் நிலையத்தின் பங்கில் ஐந்து, மொத்தம் பதினேழு லட்சம். தாளைப் பார்க்க எனக்கே பெருமையாக இருந்தது.

சங்கக் கூட்டத்தில் எல்லாரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தசமப் புள்ளிக்கு எங்கள் ஆட்கள் கொடுக்கும் மரியாதை அப்படி. பால் பெண்களின் தலைவி மட்டும் எழுந்து நின்றார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ஏழு மாடு வைத்திருந்தார். காலையில் கறக்கும் பால், பாலேற்றும் பவுசர் வண்டி பெருந்தெருவுக்கு வரும் மத்தியானத்துக்குள் திரைந்துவிடுவதால், பாதியை நிலத்தில் ஊற்றுவதாக முன்பே என்னிடம் சொல்லியிருந்தவர்.

"பிள்ளை, தாங்கியை மூண்டில ரெண்டு பங்கு வாங்கலாமோ?" என்று கேட்டார்.

அது கணக்குக்காக எழுதினது, மிச்சத்தை அடுத்த வருசம் பாப்பம் அக்கா என்று சொன்னேன். சொன்ன தோரணையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

ஆலைக்கு ஒப்பந்தம் எழுதி முற்பணமும் கொடுத்த பிறகுதான் தாங்கி விற்கும் ஆளைக் கூப்பிட்டேன். தாங்கி, மின்பிறப்பாக்கி, கட்டடம் மூன்றும் சேர்ந்தால்தான் நிலையம், ஒன்றை விட்டாலும் பால் கெடும் என்றார். சின்னத் தாங்கியில் நிற்கும் கொஞ்சப் பாலுக்குப் பவுசர் ஊருக்குள் வராது என்று பால் வாங்கும் கம்பனிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இருபது லட்சத்தில் களஞ்சியத்தையும் கட்ட முடியாது. வருட முடிவில் அந்தப் பணம் திரும்பிப் போனது.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கணக்கைத் திரும்பப் போட்டேன். பங்கு போட முடியாத திட்டங்களை வரிசைப்படி எடுக்கக்கூடாது; அறுபதுக்குள் அடங்கும் சேர்க்கைகளைத்தான் ஒப்பிட வேண்டும். ஆலை தனியே பன்னிரண்டு லட்சம். பால் நிலையம் ஏழரை, களஞ்சியம் ஆறு, சேர்த்தால் பதின்மூன்றரை. முதலாவதாக வந்த ஆலையை விட்டிருந்தால் மற்ற இரண்டும் கட்டி முடிந்திருக்கும், ஒரு ரூபாயும் திரும்பிப் போயிருக்காது. ஐந்து நிமிட வேலை. என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சாப்பிடவில்லை.

அடுத்த நாளே கனகராயன்குளத்துக்கு பஸ் ஏறினேன். கொட்டிலில் ஒரு மாடுதான் நின்றது. மற்ற ஆறையும் விற்றுவிட்டாராம். பதினொரு வீட்டுப் பெண்கள் குழுவில் இருந்தார்கள். அநேகம் பேர் அவருக்கு முன்னமே விற்றுவிட்டார்கள். எனக்குக் கதிரை போட்டுத் தேத்தண்ணி தந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கணக்குப் பிழை, உங்கள் திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, அது கட்டியிருக்க வேண்டிய ஒன்று என்று.

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் எங்கட பால்தான் தரமில்லையாக்கும் எண்டு நினைச்சனான், பிள்ளை. மற்றப் பெண்டுகளுக்கும் அப்பிடித்தான் சொல்லிப்போட்டன்," என்றார்.

பிறகு சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "வாங்கோ, நீங்களே வந்து அவையளுக்குச் சொல்லுங்கோ."

வீடு வீடாகப் போனோம். முதல் வீட்டிலும் இரண்டாம் வீட்டிலும் நான் சொன்னேன். மூன்றாவது வீட்டில் வெறுங்கொட்டிலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டு, அப்படியென்றால் என்ர மாடு நல்ல மாடுதானே என்று கேட்டாள். நான் குனிந்து தும்புத்தடியை எடுத்தேன். அக்காதான் ஓம் என்றார்.