பெயருக்கு முன்னால் ஏதாவது

ஆண்டர்சன்பேட்டை வீட்டிலிருந்தபடியே நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு மண்சரிவு ஆய்வு வேலை செய்கிறேன். என் மேனேஜரும் எங்கள் ஊர்ப்பக்கம்தான், சாம்பியன் ரீப்ஸ்காரர். ‘சார்’ என்று சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால் காது கேட்காததுபோல் இருந்துவிடுவார். அந்த மகான்தான், எங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒப்புக்கொண்ட ஜெர்மன் பேராசிரியருக்கு முதல் மெயிலிலேயே ‘ஹாய்’ போட்டு, வெறும் பெயரைச் சொல்லி எழுதினார்.

“பட்டத்தோட எழுதலாமே சார்?” என்றேன்.

“ஃபாரின்காரனுக்கு அதெல்லாம் புடிக்காதுங்க. உங்களுக்கு இன்னா தெரியும்?”

பதில் வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி, கீழே ‘பேராசிரியர் டாக்டர்’ என்று முழுசாக முடிந்திருந்தது. அப்போதும் இவருக்கு உறைக்கவில்லை.

ஜெர்மன் நேரம் காலை பத்து மணிக்கு வாராவாரம் மீட்டிங். நமக்கு அது மதியம் இரண்டரை. மார்ச் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அதற்குப் பிறகு நமக்கு ஒன்றரை என்று மேனேஜரிடம் சொன்னேன். “கடிகாரத்தை யாராவது தள்ளுவாங்களா?” என்று சிரித்தார். கடிகாரம் மாறிய வாரம் நாங்கள் இரண்டரைக்கு உள்ளே போனபோது, பேராசிரியர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

மன்னிப்பு மெயிலை மேனேஜர் என் தலையில் கட்டினார். பட்டங்களோடு எழுதிக் காட்டினேன். பேராசிரியர் பெயருக்கு முன்னால் இருந்த பட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

“என் பேருக்கு முன்னாலயும் ஏதாவது போடுங்க.”

என்னத்தைப் போடுவது? அவர் பெயருக்கு முன்னால் இருந்தது அவருடைய அப்பாவின் இனிஷியல் மட்டும்தான்.