ஐந்து பேர் போட்ட ஒரே விண்ணப்பம்

பழவேற்காட்டில் இர்பானாவைப் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது அவளுடைய கோபத்தைப் பற்றித்தான். மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அந்தக் கோபம் எதற்கு வரும் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு பொருளை அதன் இடத்தில் வைக்காதவர்களைக் கண்டால் வரும். கேட்டு வந்தவரை நாளைக்கு வா என்று அனுப்புகிறவர்களைக் கண்டால் வரும். அவளுடைய வாப்பா அப்துல் ஜப்பாருக்குத் துணிக்கடை. எட்டு முழ வேட்டியை நாலு முழ அடுக்கில் வைத்துவிட்டு, சரக்கு இல்லை என்று கடை ஆள் கையை விரித்தால் வாப்பா சும்மா இருப்பார். இவளால் முடியாது.

அஞ்சல் வழியில் படித்து நூலக அறிவியலில் பட்டம் வாங்கினாள். வேலை கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் ஜமாஅத் படிப்பகத்துக்குப் போய்ச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தாள். மூட்டையாகக் கிடந்த புத்தகங்களைப் பிரித்து, பதிவு எண் கொடுத்து, பொருள்வாரியாகப் பகுப்பு எண் போட்டு, முதுகில் சீட்டு ஒட்டி அடுக்கினாள். ஆசிரியர் பெயருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று அட்டை எழுதினாள். யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலை ஏற்றினாள். கண் மங்கிப்போன அரபி ஆசிரியர் ஒருவர் தினமும் வருவார். அவருக்குச் செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, நூலக உதவியாளர் தேவை என்று பேப்பரில் விளம்பரம் கொடுத்தது 2006இல். இதுவும் கிடைக்காவிட்டால் ரமலான் முடிந்ததும் நிக்காஹ் பேச்சை எடுக்கப்போவதாக வாப்பா சொல்லிவிட்டார். இர்பானா செய்த வேலையை எல்லாம் இங்கிலீஷில் எழுதினாள். பிடிக்காமல் கிழித்தாள். திரும்ப எழுதினாள். அரபி ஆசிரியருக்கு வாசித்ததைக்கூட விடவில்லை. அதை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தேசப்பனிடம் போனாள். அவர் அழகாக டைப் அடித்து, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். நல்லா எழுதிக்கிறம்மா என்று மெச்சவும் செய்தார். அந்த மெச்சலில்தான் வினை இருந்தது என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

நேர்காணலுக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். கல்லூரி நூலகத்தின் படிப்பறையிலேயே காத்திருக்கச் சொன்னார்கள். பொன்னேரி பக்கத்து ஆரணியிலிருந்து வந்த நர்மதா என்ற பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நெல் நிலம் வைத்திருக்கும் குடும்பம்; வீட்டில் முதல் பட்டதாரி. பயத்தில் சான்றிதழ் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். இர்பானாவுக்குப் பயமில்லை. அடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கப் பார்க்க எரிச்சல் ஏறியது.

பிறகு ஐந்து பேரையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். அதுவே விசித்திரமாக இருந்தது. உள்ளே தாளாளர் ஆதிநாராயணனும் நூலகர் விக்டோரியாவும் இருந்தார்கள். விக்டோரியா மேடம் ஐந்து விண்ணப்பங்களை மேஜை மேல் வரிசையாகப் பரப்பினார். பெயரும் முகவரியும்தான் வேறு. மற்றபடி எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஐந்து பேருமே பழவேற்காடு ஜமாஅத் படிப்பகத்தை அடுக்கியிருந்தார்கள். ஐந்து பேருமே அந்த ஒரே அரபி ஆசிரியருக்குச் செய்தித்தாள் வாசித்திருந்தார்கள்.

“அந்தப் பெரியவர் ஒரு நாளைக்கு எத்தனை தரம்தான் பேப்பர் கேப்பாரு?” என்றார் விக்டோரியா.

தாளாளர் சிரித்தார். இர்பானாவுக்கு உடம்பு பற்றி எரிந்தது. அது தன்னுடையது, தான் எழுதியது என்றாள். உடனே இன்னொருத்தரும் அதையே சொன்னார். அப்புறம் மூன்றாவது ஆளும் சொன்னார். சான்றிதழ் இருக்கிறதா என்று தாளாளர் கேட்டார். சம்பளமே இல்லாத வேலைக்கு யார் சான்றிதழ் கொடுப்பார்கள்? படிப்பகத்துக்கு ஆள் அனுப்பிக் கேளுங்கள் என்றாள். அதற்கெல்லாம் நேரமில்லை, எல்லோரும் போகலாம், மறுபடி விளம்பரம் கொடுத்துக்கொள்கிறோம் என்று அவர் ஃபைலை மூடினார். திருடனோடு சேர்த்துப் பறிகொடுத்தவளையும் வெளியே தள்ளுகிற நியாயம் அது.

விக்டோரியாதான் தடுத்தார். கடந்த மூன்று வருடமாக ஒரு கை உதவிக்கு அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். இன்னொரு விளம்பரம் என்றால் இன்னொரு வருடம் என்று அவருக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தார். படிப்பறையில் உட்கார்ந்து அவரவர் விண்ணப்பத்தை அவரவர் கையால் எழுதுங்கள், தமிழோ இங்கிலீஷோ, எது வருமோ அதில் எழுதுங்கள் என்றார். இரண்டு பேர் தாளை மேஜையிலேயே வைத்துவிட்டு நழுவினார்கள்.

வெளியே வந்ததும் இர்பானா நர்மதாவைப் பிடித்துக்கொண்டாள்.

“என் லெட்டர எட்த்து ஓம் பேரப் போட்டுக்கினியே, ஒனக்கு வெக்கமா இல்ல?”

நர்மதா அழுதுவிட்டாள். “எனக்குத் தெரியாதுக்கா. லைப்ரரி வேலைக்கு ஒரு லெட்டர் ஓணும்னு தேசப்பண்ணங்கிட்ட கேட்டேன். அவர்தான் எட்த்துக் குடுத்தாரு. கையெழுத்து மட்டும்தான் போட்டேன். இன்னா எழுதிக்கீதுன்னு படிக்கக்கூட இல்ல.”

படிக்கவே இல்லையாம். நூலக வேலைக்கு வருகிறவள், தன் பெயரில் போகிற ஒரு பக்கத்தைப் படிக்கவில்லை. அவளை அறைவதா, தேசப்பன் கடைக்குப் போய் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்று இர்பானாவுக்குத் தெரியவில்லை. கையில் இருந்தது ஒரு வெள்ளைத்தாள்தான். அதன்மேல் இறங்கினாள்.

“ஐயா, அம்மா, என் விண்ணப்பத்தை நாலு பேர் போட்டுவிட்டார்கள். அதனால் இதில் பழைய கதை எதுவும் எழுதப்போவதில்லை. உங்கள் நூலகத்தில் காத்திருந்தபோது பார்த்ததை எழுதுகிறேன். மின்சுற்றுகளைப் பற்றிய ஒரே புத்தகத்தின் பிரதிகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று மின்பொறியியலில், ஒன்று இயற்பியலில், ஒன்று கணக்கில். ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் ஒருவர் ஒரு எண் போட்டால் அப்படித்தான் ஆகும். பதிவு எண் பிரதிக்குப் பிரதி மாறலாம். பகுப்பு எண் மாறக்கூடாது. புதுப் பிரதி வந்தால் பழைய பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் எண் போடவேண்டும். ஒரு மாணவர் பழைய வினாத்தாள் கேட்டு வந்தார். ஸ்கேன் ஒன்று, ஸ்கேன் இரண்டு என்று பெயர் வைத்திருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். பாடம், பருவம், வருடம் என்று பெயர் வைத்திருந்தால் அவர் நின்ற இடத்திலேயே கிடைத்திருக்கும். அந்த ஃபைல்களுக்கு இன்னொரு பிரதி வேறு டிஸ்க்கில் இருக்கிறதா என்றும் எனக்குச் சந்தேகம். புத்தகங்களோடு வந்த சிடிக்கள் ஒரு அட்டைப்பெட்டியில் கொட்டிக் கிடக்கின்றன. எது எந்தப் புத்தகத்தினுடையது என்று அதில் எழுதவில்லை. இதையெல்லாம் சரி செய்யத் தெரியும். எனக்குக் கோபம் வரும். ஆனால் கேட்டு வந்தவர் மேல் வராது. நாளைக்கு வா என்று ஒருவரையும் அனுப்பமாட்டேன்.”

கையெழுத்துப் போட்டு நீட்டிய பிறகுதான், தான் திட்டியிருப்பது எதிரே உட்கார்ந்திருக்கும் விக்டோரியாவைத்தான் என்று உறைத்தது. பகுப்பு எண் போட இந்த நூலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? வேலை போச்சு, நிக்காஹ்தான் என்று முடிவு கட்டினாள். எழுதியதற்காக மட்டும் அவள் வருத்தப்படவில்லை.

தாளாளர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். இந்தப் பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி, கண்ணு செவந்து நிக்குதே, அந்தப் பொண்ணைப் போட்டுக்கலாம், அடக்கமா இருக்கு என்றார்.

விக்டோரியா தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“இயற்பியல்ல கிடக்கற பிரதிக்கு நான்தான் எண் போட்டேன்” என்றார் இர்பானாவைப் பார்த்து. “கவுண்டரையும் பாத்துக்கிட்டு, பில்லையும் எழுதிக்கிட்டுப் போட்டது. மத்த ரெண்டும் ஆபீஸ்லேர்ந்து வந்தவங்க போட்டது. ஒத்தை ஆளா இருந்து பாரு, தெரியும் உனக்கு.”

விக்டோரியா தாளாளர் பக்கம் திரும்பினார்.

“சார், இவ திட்டிருக்கறது என்னை. பட்டவ நான் சொல்றேன், இவளையே எடுங்க. ஆள் வேணும், ஆள் வேணும்னு நானும் மூணு வருஷமா உங்களுக்கு எழுதினேன். எல்லாத்தையும் பணிவா எழுதினேன், அதான் தப்பு.”

விக்டோரியா அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாளாளர் பேனாவைத் தேடினார்.

வேலை கிடைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டே வந்தாள். நர்மதாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேரே தேசப்பன் கடைக்குப் போனாள். அவர்களோடு உட்கார்ந்து எழுதிய மூன்றாவது ஆள் அதற்குள் செய்தியை அங்கே கொண்டு வந்து சேர்த்திருந்தார். தேசப்பன் முகமெல்லாம் சிரிப்பு.

“வாம்மா. நம்ம லெட்டராலதானே அஞ்சு பேரயும் கூப்ட்டாங்க? பாவம், நல்ல எழுத்து, நாலு பேருக்குப் புண்ணியமா பூடட்டும்னு போட்டேன்.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “அங்க உக்காந்து ஒண்ணு எழுதினியாமே, கோவமா. அத்த ஒரு காப்பி குடேன். நெறைய பேரு கேப்பாங்க.”

இர்பானா அவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கச் சொன்னாள். சொன்ன தோரணையில் அவர் எழுந்துவிட்டார். அவள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தேடினாள். தன் பெயரில் ஒரு ஃபைலும் இல்லை. அவளுடைய கடிதத்தின் மேலேயே அடுத்தவர் பெயரை அடித்து, அதன் மேலேயே சேமித்து, இப்போது அது நர்மதா எழுதிய கடிதமாக இருந்தது. பெற்றவளின் பெயர் போயே போய்விட்டது. அதை அழித்தாள். குப்பைத்தொட்டியைத் திறந்து அங்கிருந்தும் அழித்தாள். தேசப்பன் பேஜாரா கீதே என்று முனகினார்.

இர்பானா எழுந்து அவரைத் திரும்ப நாற்காலியில் உட்காரவைத்தாள். நர்மதாவைப் பக்கத்து ஸ்டூலில் தள்ளினாள்.

“அடுத்த வேலைக்கு ஒன் லெட்டரப் போடலாம். ஒங்க ஊர்ல லைப்ரரி வேல எதுனா பண்ணிக்கிறியா? ஒழுங்கா சொல்லு. பொய் சொன்னா ஒத படுவ.”

நர்மதா திக்கித் திக்கிச் சொன்னாள். பள்ளிக்கூட அலமாரியில் கறையான் அரித்த புத்தகங்களைப் பிரித்து வெயிலில் காயவைத்ததை, அட்டை போட்டதை, வாசிக்கத் திணறிய பிள்ளைகளுக்குப் படம் அதிகமுள்ள புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்ததை. இர்பானா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்லத் தேசப்பன் அடித்தார். பிரிண்ட் வந்தது. நர்மதாவைச் சத்தமாக முழுவதும் படிக்கவைத்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட விட்டாள்.

தேசப்பனின் கை பழக்கதோஷத்தில் மெதுவாக மௌஸுக்குப் போனது. அம்புக்குறி சேமிக்கும் இடத்தை நோக்கி நகர்ந்தது.

“அண்ணே,” என்றாள் இர்பானா, “கைய எடு.”