இரண்டாம் முறை தொட்டபோது

என் வீட்டுக்காரர் ஒரு பத்து மாடி அலுவலகக் கட்டடத்தின் வாசலில் இருபத்திரண்டு வருடமாகக் காவலாளி. அங்கே எல்லாரும் அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். சீருடையின் மடிப்பு கலையாது, தொப்பி சாயாது, முகத்தில் ஒரு முடி இருக்காது. அந்த முகத்தை வைத்துத்தான் அவரைப் பொய்யன் என்று எழுதினார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

போன வருடம் ஒருநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்தபடி அப்படியே குனிந்துவிட்டார். வலது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி என்றார். பத்து, பதினைந்து விநாடிகளில் போய்விட்டது. மறுநாளும் வந்தது. அப்புறம் சாப்பிட்டால் வந்தது, பேசினால் வந்தது, காற்றுப் பட்டால் வந்தது. அவர் நிற்கிற கண்ணாடிக் கதவை யாராவது திறந்தால் உள்ளிருந்து குளிர்காற்று கன்னத்தில் அடிக்கும். கதவைத் திறந்துவிடுவதே அவர் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் பல் டாக்டரிடம் போனோம். நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கினார். வலி போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அதற்கும் போகவில்லை. மூன்றாவது பல்லைக் காட்டிப் பேச ஆரம்பித்தபோது நான் என் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படம் எடுத்து, பல்லில் சொத்தை இல்லை என்று பார்த்த பிறகும் பிடுங்கிய மனிதரை என்னவென்று சொல்வது?

இதற்கு நடுவில் சவரம் பெரிய பிரச்சினை ஆனது. வலது கன்னத்தில் பிளேடு பட்டால் போதும், ஆள் துடித்துப்போவார். ஆனால் காவலாளி முகத்தை மழித்துக்கொண்டு வரவேண்டும் என்பது அந்தக் கட்டடத்தின் விதி. சில நாட்களில் முழுதாக மழித்துக்கொண்டு போவார். சில நாட்களில் இடது பக்கம் பளபளவென்று இருக்கும், வலது பக்கம் முள் முள்ளாக நிற்கும். அந்தக் கோலத்தில் வாசலில் நின்றால் வருகிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மேற்பார்வையாளர் ஒருமுறை எச்சரித்தார். அடுத்த முறை விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. மூன்றாவது முறை விசாரணை என்றார்கள்.

"நீ வா. என்னால நாலு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியாது" என்றார் என்னிடம். நான் தையல் கடையிலிருந்து அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போனேன்.

ஏழாவது மாடியில் ஒரு சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் பணியாளர் அதிகாரி, என் தம்பி வயதுதான் இருக்கும். பக்கத்தில் மேற்பார்வையாளர். அதிகாரி மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"வீட்ல எப்படி இருக்கார்? நீங்க பார்த்ததைச் சொல்லுங்கம்மா."

நான் பார்த்ததைச் சொன்னேன். குளியலறைக் கதவு திறந்திருந்த ஒரு காலையில் பார்த்தது அது. கண்ணாடி முன்னால் நின்றவர், தன் விரலாலேயே வலது கன்னத்தைத் தட்டினார். உடனே வலி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டியைப் பிடித்துக்கொண்டார். அது விட்டதும் அவசர அவசரமாக அதே இடத்தில் சோப்பு தடவி மழித்தார். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. எனக்கு அப்போதே மனதுக்குள் ஒரு மாதிரியாக இருந்தது. வலிக்கிற இடத்தை யாராவது தானே தட்டுவார்களா?

"முதல் தடவை பட்டா துடிச்சுப்போயிடுவார் சார். அது முடிஞ்ச உடனே அதே இடத்துல பிளேடு போட்டாக்கூட ஒண்ணும் ஆகிறதில்ல" என்றேன்.

அதிகாரி மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் எழுந்து வந்தார். மேசையிலிருந்த பென்சிலை எடுத்து அதன் மொட்டை முனையால் என் வீட்டுக்காரரின் மூக்கோரத்தில் லேசாகத் தொட்டார். மனிதர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சுருண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அது அடங்கி நிமிர்ந்ததும் மேற்பார்வையாளர் அதே இடத்தில் மறுபடியும் தொட்டார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் முறையும் தொட்டார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தீங்களா சார்" என்றார் மேற்பார்வையாளர். சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்ப்பது போல ஒரு மனிதனின் முகத்தைக் குத்திப் பார்த்துவிட்டு, அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

நான் சொன்னதை ஒரு தாளில் எழுதினார்கள். என்னிடம் நீட்டினார்கள். நான் சொன்னது அப்படியே இருந்ததால் கையெழுத்துப் போட்டேன். கீழே அவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. வலி இருப்பதாக நடித்தார், அதை மனைவியே ஒப்புக்கொண்டார், அதனால் வேலைக்கு வரவேண்டாம், முடிவான உத்தரவு மூன்று வாரத்தில் வரும். இருபத்திரண்டு வருட வேலை மூன்று வரியில் முடிந்துபோனது.

என் நாத்தனார் செய்தி கேட்டு வந்து குதித்தாள். "நடிக்கத் தெரிஞ்சிருந்தா என் தம்பி ஏன் வாசல்ல நிக்கிறான்? சின்ன வயசுல ஸ்கூலுக்கு மட்டம் போட வயித்துவலின்னு சொல்லக்கூட அவனுக்கு வராது. எல்லாத்துக்கும் முன்னாடி அவனை ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. பல்லைப் பிடுங்கினது போதும்." சீட்டு வாங்கி வைத்து, எங்களை ஆஸ்பத்திரிக்குத் துரத்தியதும் அவள்தான்.

நரம்பு டாக்டரம்மா முதலில் அவரைப் பேசவிட்டார். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எவ்வளவு நேரம் இருக்கும், எந்தப் பக்கம், தூக்கத்தில் வருமா, நடுவில் வலியே இல்லாமல் இருக்குமா என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏதாவது கவனிச்சீங்களா?" என்றார்.

சொன்னால் இங்கேயும் பொய்யன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். ஆனாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது என்று அதே வாக்கியத்தைச் சொன்னேன். முதல் தடவை பட்டால் துடிப்பார், அது முடிந்த உடனே அதே இடத்தில் பிளேடு போட்டாலும் ஒன்றும் ஆகாது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

சொன்னேன்.

"இவருக்கு வந்திருக்கிறது முக நரம்புல வர்ற வலி, இது அந்த நோய்க்கே உள்ள குணம். முகத்துல தொட்டா தெரியிறது, வலிக்கிறது எல்லாத்தையும் மூளைக்குக் கொண்டுபோற நரம்பு ஒண்ணு இருக்கு. அது ஒரே அடியா சீறித் தீர்த்துட்டா, கொஞ்ச நேரத்துக்கு மறுபடியும் சீற முடியாது. அந்த நேரத்துல தொட்டா ஒண்ணும் ஆகாது. சிலருக்குச் சில விநாடி, சிலருக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம். இது தெரிஞ்சு யாரும் நடிக்க மாட்டாங்க. நடிக்கிறவங்க ஒவ்வொரு தடவையும்தான் கத்துவாங்க."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். "அதான் டாக்டர். காலைல முதல் அடியை நானே வாங்கிட்டா, ஒரு நிமிஷம் கிடைக்கும். அதுக்குள்ள மழிச்சிடுவேன். சில நாள் அது பாதியிலேயே முடிஞ்சிடும்."

பாதி முகத்துக்கு அதுதான் காரணம். அந்தப் பாழாய்ப்போன விதிக்காக மனிதர் தினமும் காலையில் தன் கையாலேயே தன்மேல் அந்த இடியை இறக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, நான் வேறு எதையோ நினைத்திருக்கிறேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை, வேறு நரம்பு நோய்க்கான அடையாளமும் இல்லை. ஆனால் வலது பக்கத்தில், அந்த நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்புகிற இடத்திலேயே ஒரு ரத்தக்குழாய் வளைந்து வந்து நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வயது ஏற ஏற ரத்தக்குழாய் கொஞ்சம் நீண்டு வளைவதுண்டாம். ஒவ்வொரு துடிப்புக்கும் அது இடிக்க இடிக்க, நரம்பின் மேலுறை தேய்ந்துவிடுகிறதாம். உறை போன இடத்தில் ஒரு இழையில் போகிற சேதி பக்கத்து இழைக்குத் தாவும். கன்னத்தில் காற்றுப் பட்ட சேதி வலியாக மாறிப்போய்ச் சேரும். என் தையல் மெஷினின் மோட்டார் வயரில் உறை உரிந்து நான் ஷாக் வாங்கியிருக்கிறேன், எனக்குச் சட்டென்று புரிந்தது.

"அப்ப இதுதான்னு நிச்சயமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வலுவான சந்தேகம்னு சொல்லலாம். ரத்தக்குழாய் நரம்பைத் தொட்டுக்கிட்டே இருந்தும் வலியே இல்லாதவங்க நிறைய பேர் இருக்காங்க. அதனால சும்மா தொடுறதை மட்டும் வச்சு நான் சொல்லல. இவருக்கு வலி இருக்கிற அதே பக்கம் அழுத்துது, நரம்பையே இடம் தள்ளியிருக்கு. இந்த மாதிரி இருக்கிறவங்களுக்கு ஆபரேஷன்ல அந்தக் குழாயை நகர்த்தி நடுவுல மெத்துனு ஒண்ணை வச்சா பெரும்பாலும் வலி நின்னுடுது. அதனாலதான் சந்தேகம் அது மேல. ஆனா முதல்ல மாத்திரையைப் பார்ப்போம்."

அது சாதாரண வலி மாத்திரை இல்லை, வலிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை. நரம்பு வெறிபிடித்துச் சீறுவதை அடக்குமாம். கொஞ்சமாக ஆரம்பித்து, ரத்தப் பரிசோதனை செய்து செய்து ஏற்றினார்கள். முதல் வாரம் தலை சுற்றி, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டாவது வாரம் ஒரு தட்டுச் சோற்றை நிறுத்தாமல் சாப்பிட்டு முடித்தார். நான் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உத்தரவு வருவதற்கு இரண்டு நாள் முன்பு டாக்டரம்மாவின் கடிதத்தோடு மறுபடியும் அந்த ஏழாவது மாடிக்குப் போனோம். அதிகாரி படித்தார். மறுபடி தொட்டால் ஏன் வலிக்காது என்று எழுதியிருந்த இரண்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிப்போனது.

"வேலைக்கு வரட்டும்மா. சவர விதியிலிருந்தும் விலக்குக் கொடுக்கிறோம்" என்றார். பிறகு தாளை அடுக்கிக்கொண்டே, "நாங்களும் நீங்க சொன்னதை வச்சுத்தானே எழுதினோம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் சொன்னது உண்மை சார். அதே உண்மையைத்தான் டாக்டர்கிட்டயும் சொன்னேன். அவங்க நோய்னு சொன்னாங்க. தெரியலைன்னா தெரிஞ்சவங்களைக் கேக்கணும். பென்சிலை எடுத்துக் குத்திப் பார்க்கிறதுக்குப் பேர் விசாரணையா? இந்த மனுஷன் உங்க விதிக்காகத் தன்னையே அடிச்சுக்கிட்டு வந்து வாசல்ல நின்னார். அதையும் அந்த ஃபைல்ல எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் இங்கேதான் உட்காருவேன்."

மேற்பார்வையாளர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி எழுதினார். நான் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

பஸ்ஸில் வரும்போதும் எனக்கு அடங்கவில்லை. பல் டாக்டரைத் திட்டினேன், மேற்பார்வையாளரைத் திட்டினேன், அந்தப் பென்சிலைக்கூடத் திட்டினேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் வலது கன்னத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"திட்டு, தப்பில்ல. ஆனா அன்னிக்கு நீ அதைச் சொன்னப்போ என் முகத்தைப் பார்க்கவேயில்ல. நீயும் நான் நடிக்கிறேன்னுதானே நினைச்சே?"

அவர் சொன்னது சரிதான். அந்த ஃபைலில் புதிதாக எழுதிய வரிகளுக்கு மேலே என் பழைய கையெழுத்து இன்னும் அப்படியே இருக்கிறது.