பதினோராம் கட்டில்

சாகப்போன ஒரு மனுஷனை மதலேனாள் காப்பாற்றியதாக அவள் ஊரான ராயப்பன்பட்டியில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். அந்த ஆளைச் சாகடிக்க இருந்தவளே அவள்தான். காப்பாற்றியது ஆயா ஜக்கம்மா. இதை மதலேனாளே எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அதுவும் ராஜினாமாக் கடிதத்தில்.

எழுபத்தெட்டாம் வருஷம். உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில் அவள் நர்ஸ். அங்கேயே படித்து, பாண்டு எழுதிக்கொடுத்தபடி மூன்று வருஷம் வேலையும் பார்த்து முடித்துவிட்டாள். வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஜூலை மூன்றாம் தேதி சேர வேண்டும். சேரும்போது ஆஸ்பத்திரி கொடுக்கும் விடுவிப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாமல் போனால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு இடம் போய்விடும்.

ஆஸ்பத்திரியின் சட்டமோ ஒரு மாத முன்னறிவிப்பு. அந்த மாதம் கடிதத்தில் நாம் போடும் தேதியிலிருந்து ஓடாது. ஆபீஸில் முத்திரை விழும் தேதியிலிருந்துதான் ஓடும். ஆகவே மே மாதம் முடிவதற்குள் கடிதம் ஆபீஸுக்குப் போயாக வேண்டும். நேராகவும் போக முடியாது. மருத்துவக் கண்காணிப்பாளரான டாக்டர் பெயருக்கு எழுதி, 'மூலமாக' என்று மேட்ரன் பெயரையும் போட்டு, மேட்ரன் படித்துக் குறிப்பு எழுதி அனுப்பினால்தான் முத்திரை.

மேட்ரன் சிஸ்டர் லூர்து மேரி நல்ல மனுஷி. ஆனால் படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இருந்தாலும் முகம் சுருங்கிவிடும். மே முப்பதாம் தேதி சாயங்காலம் மதலேனாளைக் கூப்பிட்டுக் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"என்ன மதலேனா இது? ராஜினாமா எழுதச் சொன்னா, சாமியார்கிட்ட பாவத்தச் சொல்ற மாதிரி பாவசங்கீர்த்தனம் எழுதியிருக்க?"

கடிதம் ஒழுங்காகத்தான் தொடங்கியிருந்தது. மேற்படிப்புக்காக வேலையை விடுகிறேன், ஜூன் முப்பது என் கடைசி வேலை நாள், அதற்குள் வார்டுப் பொருள்களையும் மருந்து அலமாரிச் சாவியையும் கணக்கோடு ஒப்படைத்துவிடுகிறேன். பிறகு நன்றி. டாக்டர்களுக்கு, மேட்ரனுக்கு, கூட வேலை பார்த்த நர்சுகளுக்கு. வம்பெல்லாம் கடைசிப் பத்தியில் இருந்தது.

'சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கும் பரிசோதனை ஊசி போடாத நோயாளி ஒருவருக்கு முழு பென்சிலின் ஊசி போட இருந்தேன். ஆயா ஜக்கம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தார். பிறகு சோதித்ததில் அந்த மருந்து அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தது. இந்த வார்டில் நான் அதிகம் கடன்பட்டிருப்பது அவருக்கே.'

நடந்ததும் அதுதான். அன்று மழை. ஏழாம் கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகியது. பதினோராம் கட்டிலில் இருந்தவர் மதியமே வீட்டுக்குப் போய்விட்டதால், ஏழாம் கட்டிலில் இருந்த ஏலக்காய்த் தோட்டத்துக் கூலியாளை ஜக்கம்மா அங்கே மாற்றிப் படுக்க வைத்தாள். நம்பர் சுவரில் எழுதியது. ஆள் நகர்ந்தாலும் அது நகராது. மதலேனாள் கையில் இருந்த ஊசிச் சீட்டில் 'கட்டில் 11, பரிசோதனை முடிந்தது' என்று இருந்தது. அது வீட்டுக்குப் போனவருக்கு எழுதியது. கூலியாளுக்கும் அன்றுதான் பென்சிலின் எழுதியிருந்தது. முப்பது நோயாளிகளுக்கு அன்று அவள் ஒருத்திதான். பேரைக் கேட்காமல், நம்பரைப் பார்த்து மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டாள். ஊசி போடும் இடத்தைப் பஞ்சால் துடைத்தும் ஆயிற்று.

"சிஸ்டரம்மா, நில்லுங்க. இவரு ஏழுல இருந்தவருல்ல? நாந்தான் இங்கன தூக்கியாந்து போட்டேன். இவருக்கு இன்னும் சின்ன ஊசி போடலயே" என்று ஜக்கம்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

முன்கையில் தோலுக்கடியில் துளி மருந்து வைத்துப் பார்த்தார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் பணியாரம் போலத் தடித்துச் சிவந்தது. மதலேனாள் டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றினாளே தவிர, தன் கை எதுவரை போனது என்பதைச் சொல்லவில்லை. தவறுகளை எழுதும் பதிவேட்டிலும் ஏற்றவில்லை. பயந்துவிட்டாள். வேறு காரணம் எதுவும் கிடையாது.

"இந்தப் பத்தி உன் ஃபைல்ல போயி உக்காந்துக்கிரும். அனுபவச் சான்றிதழ் எழுதுறப்ப டாக்டர் ஃபைலத்தான் பாப்பாக. அவுக ஒரு வரி மாத்தி எழுதுனா உன் வேலூரு அம்புட்டுதான். நாளைக்குள்ள அந்தப் பத்திய எடுத்துட்டு வேற எழுதிக் குடு" என்றார் மேட்ரன்.

அன்று ராத்திரி கடிதத்தை முன்னால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? ஜக்கம்மாவுக்குத்தான். பத்து வருஷமாக அவள் தற்காலிக ஆயா. ஒவ்வொரு ஜூனிலும் நிர்வாகக் கமிட்டி கூடும்; ஆயாதானே, ஃபைலில் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று அவளை நிரந்தரமாக்குவதைத் தள்ளிவைக்கும். சொல்ல இருந்த ஒன்றை மதலேனாள்தான் ஏழெட்டு மாதமாக மடியில் கட்டி வைத்திருந்தாள். இப்போது அதோடு வேலூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் வேறு கடிதம் எழுதிக்கொண்டு போனாள். மேட்ரன் படித்தார். பத்தி அப்படியே இருந்தது. அதன் கீழே இன்னொரு வரி கூடியிருந்தது: 'இதை அன்றே பதிவேட்டில் எழுதாதது என் தவறு.'

"ஏண்டி, உனக்குப் படிக்கணும்னு ஆச இல்லையா?"

"இருக்கு சிஸ்டர். ரொம்ப இருக்கு." அழுதுவிட்டாள். "ஆனா நான் போயிட்டா இதச் சொல்ல வேற ஆளு இல்லையே."

மேட்ரன் பேனாவை எடுத்தார். குறிப்பு எழுதி, மடித்து, உறையில் போட்டு ஆபீஸ் கிளார்க் சுந்தர்ராஜிடம் அனுப்பினார். மே முப்பத்தொன்று என்று முத்திரை விழுந்தது.

அதன் பிறகு ஒரு மாதம் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். யார் கூப்பிட்டாலும் டாக்டர்தான் கூப்பிடுகிறார் என்று திடுக்கிட்டாள். டாக்டரோ கூப்பிடவே இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஒவ்வொரு கட்டிலிலும் நோயாளியின் பேர் எழுதிய அட்டை தொங்கியது. ஆளை மாற்றினால் அட்டையும் கூடவே போக வேண்டும், ஊசிக்கு முன் பேரைக் கேட்க வேண்டும் என்று உத்தரவு.

ஜூன் முப்பது. புதிதாகப் பொறுப்பேற்ற நர்சோடு தெர்மாமீட்டர், கண்ணாடி சிரிஞ்சு, கிட்னி டிரே எல்லாம் எண்ணி, வலி மருந்தான பெத்தடின் குப்பிகளைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாவி கைமாறியது. ஆபீஸில் சுந்தர்ராஜ் ஒரு கவரை நீட்டினார். அசல் சான்றிதழ்கள், விடுவிப்பு ஆணை, அனுபவச் சான்றிதழ். சான்றிதழில் ஒரு குறையும் இல்லை. 'தன் தவறைத் தானே எழுதித் தரும் நேர்மை உள்ளவர். எந்த வார்டையும் நம்பி ஒப்படைக்கலாம்' என்று டாக்டர் எழுதியிருந்தார்.

அடியில் அவளுடைய கடிதத்தின் நகலும் இருந்தது. ஓரத்தில் மேட்ரன் எழுதிய குறிப்பு: 'அன்று இரண்டு நர்சுகள் இருக்க வேண்டிய வார்டில் ஒருத்தியை மட்டும் போட்டவள் நான். தவறில் பாதி என்னுடையது. ஜக்கம்மாவை நிரந்தரமாக்கச் சிபாரிசு செய்கிறேன்.'

ஜக்கம்மாவுக்கு முந்தின வாரமே ஆணை வந்திருந்தது. யார் புண்ணியம் என்றுதான் அவளுக்குத் தெரியாது. மதலேனாள் வார்டுக்குத் திரும்பிப் போய் கடிதம் முழுவதையும் படித்துச் சொன்னாள். பெட்பேனைக் கீழே வைத்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள் ஜக்கம்மா.

"எம்பேரு எங்கன இருக்கு?"

காட்டினாள். ஜக்கம்மா அதன் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"இதுக்கு ஏம்மா எட்டு மாசம்? அன்னிக்கே எங்கிட்ட 'நல்லவேள தடுத்த ஜக்கம்மா'ன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தாப் போதுமே" என்றாள்.