வேறு பெயர், அதே மருந்து

காசிமாயன் போடிமெட்டுச் சாலையில் ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர். அவருடைய அண்ணன் தவசியும் அதே சாலையில்தான் ஓட்டினார். ஒருநாள் தும்மலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பியவர், வளைவில் கண் செருகி, ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து இறந்தார். சட்டைப்பையில் கிடைத்த மாத்திரை அட்டையைப் பார்த்த டாக்டர், "இது குளோர்பெனிரமின், தூக்கம் வரவைக்கும்" என்றார். அந்தப் பெயர் காசிமாயனை விடவேயில்லை. சாப்பிடும்போதும் காதில் ஒலிக்கும்.

1988 மழைக்காலத்தில் அவருக்கே உடம்பெல்லாம் தடிப்பு வந்தது. போடி மருந்துக்கடைக்காரர் மொக்கச்சாமி கொடுத்த அட்டையில் நிறமும் வேறு, பெரிதாக அச்சடித்திருந்த பெயரும் வேறு. அதற்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் காசிமாயன் கூட்டி வாசித்தார். அட்டையைத் திருப்பி நீட்டினார்.

"அண்ணே, இது எங்கண்ணன் போட்ட மருந்துல்ல?"

மொக்கச்சாமி வாங்கிப் பார்த்தார். "ஆமாப்பா, பேருதான் வேற, உள்ள இருக்கிறது அதேதான். நீ வண்டி ஓட்டுறவன்னு யோசிக்காமக் குடுத்துட்டேன். டாக்டரைப் பாரு. டெர்பெனடின்னு புதுசா வந்திருக்கு. பெரும்பாலும் தூக்கம் வராது. ஆனாலும் மொத மாத்திரைய வண்டி எடுக்காத அன்னைக்குப் போடு."

டாக்டரும் அதையே எழுதினார். காசிமாயன் வேலைக்குப் போகாமல் வீட்டிலிருந்து போட்டுப் பார்த்தார். தூக்கம் வரவில்லை, தடிப்பு அடங்கியது.

மறுநாள் அதைப் போட்டுக்கொண்டே ஜீப்பை மலையேற்றக் கிளம்பினார். காய் பறிக்கப் போகும் பெரியம்மாளை அவர் முன்சீட்டில் உட்காரச் சொன்னார்.

"மேல போற வரைக்கும் எங்கூடப் பேசிக்கிட்டே வா, ஆத்தா."

"என்னத்தப் பேச?"

"எதையாச்சும் பேசு. நிப்பாட்டிறாத."