எட்டு என்ற எண்

ஆரணியில் ஜினேந்திரனின் கேமரா கடைக்குள் நுழைந்துவிட்டால் பொக்கே பற்றிய பிரசங்கத்தைக் கேட்காமல் யாரும் வெளியேற முடியாது. தான் விற்கிற பட்டுப்புடவைகளைப் படமெடுக்க முதல் கேமரா வாங்க வந்த பவித்ராவும் தப்பவில்லை.

“அப்பர்ச்சர்னா லென்ஸுக்குள்ள இருக்கிற துவாரங்க. நம்பர் குறைஞ்சா துவாரம் பெருசாவும். ஒன்னு புள்ளி எட்டுல வெச்சா, கிட்ட இருக்கிற ஆளு மட்டும் பளிச்சினு இருக்கும். பின்னாடி எல்லாம் மங்கிடும். அந்த மங்கலோட அழகுதாங்க பொக்கே.”

சுவரில் பெரிதாக மாட்டியிருந்த மணப்பெண் படத்தைக் காட்டினான். அவனே எடுத்தது. “பின்னாடி அந்தப் பச்சை எப்டி வெண்ணெயாட்டம் உருகிகினு இருக்குது பாருங்க!”

பவித்ரா படத்தருகே போய் நின்றாள்.

“இது எங்க அக்கா கல்யாணங்க. அந்தப் பச்சைப் பொடவை எங்க அம்மா. ஆல்பம் பூரா தேடிட்டோம், அவங்க மொகம் ஒன்னுலயும் இல்ல.”

ஜினேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எந்த நம்பர் வெச்சிருந்தா அம்மா தெரிஞ்சிருப்பாங்க?”

“எட்டுங்க. துவாரத்த சின்னதாக்கி, ஃப்ளாஷ் போட்டிருக்கணும்.”

“அந்த எட்டு இருக்கிற கேமராவா குடுங்க.”

“எல்லாத்துலயும் இருக்குதுங்க,” என்றான், தலை நிமிராமல்.

அந்தக் கல்யாணத்தன்று அவன் கையில் இருந்த கேமராவிலும் இருந்தது.